முட்டையில்லா மயோனைஸ்: கொடைக்கானல் வாசகர்களின் கேள்விகள்

பாலும் எண்ணெயும் சேர்த்து மிக்ஸியில் அடித்தேன். மோர் மாதிரி தண்ணியாகவே நிற்கிறது. எங்கே தப்பு? (பெருமாள்மலை வாசகி)

எழுதியனுப்பிய அளவைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு டம்ளர் எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள், எலுமிச்சைச் சாற்றையும் முதலிலேயே பாலில் பிழிந்திருக்கிறீர்கள். இரண்டையும் மாற்ற வேண்டும்.

காய்ச்சி ஆறவைத்து ஆடை எடுத்த பால் 100 மில்லி, சூரியகாந்தி எண்ணெய் 200 மில்லி. பாலைப் போல எண்ணெய் இரண்டு மடங்கு, இதுதான் கணக்கு. பாலோடு அரைத் தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி கடுகுத்தூளும் போட்டு, சட்னி ஜாரில் பிளேடு முங்குகிறதா என்று பாருங்கள். பெரிய ஜாரில் 100 மில்லி பால் அடியில் பரவி, பிளேடில் படாமலே கிடக்கும். மிக்ஸி ஓடும்போதே மூடியின் துளை வழியாக எண்ணெயை நூல் போல விடுங்கள். முதல் கால் பங்கு எண்ணெய்க்கு அவசரமே கூடாது. பாலில் உள்ள கேசின் புரதம் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ள அந்த நேரம் வேண்டும். எண்ணெய் முழுவதும் போனதும் சத்தம் மாறும். சளசள ஓசை அடங்கி, மிக்ஸி கனத்து ஓடும்.

இப்போதுதான் எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி. ஏற்கெனவே துளிகளைப் போர்த்தியிருக்கும் கேசின், புளிப்புப் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். கரண்டியில் நிற்கும் கெட்டி அதனால்தான் வருகிறது. முதலிலேயே பிழிந்தால் பால் திரிந்து, துளிகளைப் போர்த்தப் போதிய புரதம் இருக்காது.

கெட்டுப்போனதைக் கொட்டிவிடாதீர்கள். ஜாரைக் கழுவி 50 மில்லி புதுப் பால் ஊற்றி, பிரிந்த கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டு அடியுங்கள். பெரும்பாலும் தேறிவிடும். உங்கள் கலவையில் பால் அதிகம் என்பதால், பிறகு மீதி எண்ணெயையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

எண்ணெய் குறைவாக, கார்ன்ஃபிளார் காய்ச்சிச் செய்கிறேன். மாவு வாடை போகவில்லை. (வில்பட்டி)

நம் ஊர் உயரம்தான் காரணம். இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் எழுதிய செய்முறையில் ‘கொதித்ததும் இறக்கவும்’ என்றிருந்தால், இங்கே அது அரைவேக்காடு. ஒரு மேஜைக்கரண்டி கார்ன்ஃபிளாரை 150 மில்லி ஆறிய பாலில் கரைத்து, குமிழ் வந்த பிறகும் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கிண்டுங்கள். வெண்மை மங்கிப் பளபளப்பு வந்தால் வெந்துவிட்டது. ஆடை படியாமல் அவ்வப்போது கிளறி ஆறவைத்து, அப்புறம் 100 மில்லி எண்ணெயை மெல்ல அடித்துச் சேருங்கள். புளிப்பு இங்கேயும் கடைசியில்தான். கொதிக்கும்போதே வினிகர் ஊற்றினால் ஸ்டார்ச் உடைந்து இளகிவிடும்.

தண்ணீருக்குப் பதில் பால் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸ்டார்ச் தண்ணீரைக் கெட்டியாக்கித் துளிகளை நகரவிடாமல் வைக்கும், ஆனால் எண்ணெயோடு ஒட்டும் குணம் அதற்கு இல்லை. அந்த வேலையைப் பாலும் கடுகும் செய்கின்றன. இரண்டு நாளில் மேலே நீர் கோத்தால் பயப்பட வேண்டாம், குளிரில் ஸ்டார்ச் இறுகி நீரைக் கக்கும். கலக்கிவிட்டால் போதும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள்.

முட்டை மயோனைஸின் ருசி ஏன் வரவில்லை? (பூம்பாறை)

வராது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கருவில் லெசிதினும் கொழுப்போடு பிணைந்த புரதங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெயையும் அது தாங்கும், நாக்கில் கனமாகப் படரும். பால் மயோனைஸ் வெளுப்பு, லேசான இனிப்பு, வாயில் சீக்கிரம் கரையும். அந்த இனிப்பை அடக்கத்தான் கடுகும் உப்பும் சற்றுத் தூக்கலாகப் போடுகிறேன். கேரட், முட்டைக்கோஸ் சாலட்டுக்கு எனக்கு இதுவே பிடிக்கும். ஆனால் கொழுப்புக் குறைவு என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள். பால் மயோனைஸில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய்தான். ஸ்டார்ச் வகையில்தான் அது பாதிக்கும் கீழே வரும்.

தேங்காய் எண்ணெயில் செய்யலாமா?

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நம் சமையலறையே அதைவிடக் குளிர்.

முட்டை இல்லையே, குளிரும் இருக்கிறதே, வெளியே வைக்கலாமா? (பண்ணைக்காடு)

கூடாது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா பயம். தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்ததும் அதற்காகத்தான். முட்டையை எடுத்ததும் அந்த ஆபத்து குறைகிறது, ஆனால் பாலும் கெடும் பொருள்தானே? கொடைக்கானல் பகல் குளிர் ஃப்ரிட்ஜின் 4 டிகிரி ஆகாது. மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள். மலைப்பூண்டு அரைத்துச் சேர்த்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எண்ணெயில் புதைந்த பச்சைப் பூண்டில் காற்றில்லாமல் வளரும் நச்சுக்கிருமி வரலாம், வாசனையில் தெரியாது. எங்கள் வீட்டில் பூண்டு சேர்ப்பதை, சாப்பிடும் அன்றைக்கு மட்டும் கிண்ணத்தில் எடுத்துக் கலக்கிக்கொள்கிறோம்.