கட்டட நிதியும் கார்பஸும்: ரசீது எழுதும்போதே பிரித்துவிடுங்கள்

“எங்கள் அறக்கட்டளை ஒரு சிறிய நூலகம் நடத்துகிறது. 12ஏ, 80ஜி பதிவு இரண்டும் உண்டு. இந்த ஆண்டு ஒருவர் கார்பஸ் என்று 5 லட்சம் கொடுத்தார். மாடி கட்ட ஊர்க்காரர்கள் 8 லட்சம் தந்தார்கள். எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. மார்ச் முடிவில் இரண்டையும் கார்பஸ் தலைப்புக்கு மாற்றி எழுதிவிடலாமா?” — பொருளாளர், சிவகங்கை மாவட்டம்

5 லட்சத்தை எழுதலாம், நன்கொடையாளரின் கடிதம் உங்கள் கையில் இருந்தால். 8 லட்சத்தை அப்படி மாற்ற முடியாது.

ஒரு தொகை கார்பஸா, அதாவது அறக்கட்டளையின் நிலையான மூலநிதியா, இல்லையா என்பதை முடிவு செய்பவர் கொடுப்பவர்தான். அறங்காவலர்களின் தீர்மானமோ, மார்ச் 31 அன்று போடும் ஜர்னல் பதிவோ அல்ல. 1961 வருமான வரிச் சட்டத்தின் 11(1)(d) பிரிவு கேட்பது, ‘இது கார்பஸின் பகுதியாக இருக்க வேண்டும்’ என்ற குறிப்பான அறிவுறுத்தலை. (2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடப்புக்கு வருவதால், அதற்குப் பிந்தைய வரவுகளுக்குப் பிரிவு எண்கள் மாறும்.) ‘கட்டடத்துக்காக’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்த பணம் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த நன்கொடை. அதுவும் கார்பஸ்தான் என்று வாதாடியவர்கள் உண்டு. ஆனால் சிறிய அறக்கட்டளை வழக்காடிப் பெற வேண்டிய சலுகை இல்லை இது. ஒரு வரிக் கடிதத்தில் முடிகிற விஷயம். ‘கட்டடக் கார்பஸ் நிதிக்காக’ என்று தேதியும் பான் எண்ணும் சேர்த்து நன்கொடையாளரிடம் எழுதி வாங்குங்கள், ரசீதிலும் அதையே எழுதுங்கள். நன்கொடைகளை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும் 10BD படிவத்தில் நன்கொடை வகையைக் குறிக்கும்போதும் அதுவே வர வேண்டும். ரசீதில் ஒன்று, படிவத்தில் ஒன்று என்றால் கேள்வி அங்கேதான் தொடங்கும்.

கார்பஸாக வாங்குவதுதான் எப்போதும் லாபமா? உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பொது நன்கொடை, வட்டி எல்லாம் சேர்த்து 6 லட்சம், நடைமுறைச் செலவு 5.2 லட்சம், கட்டடத்துக்குக் கொடுத்தது 6.5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடப் பணம் கார்பஸ் இல்லை என்றால் வருமானம் 14 லட்சம். வரிவிலக்குக்கு அதில் 85 சதவீதம், அதாவது 11.9 லட்சம், அறப்பணிக்குச் செலவாகியிருக்க வேண்டும். கட்டடச் செலவும் இதில் சேரும் என்பதால் உங்கள் செலவு 11.7 லட்சம். குறைவது 20,000. அதைக் கட்டடத்துக்கென ஒதுக்கி வைப்பதாகப் படிவம் 10-ஐ உரிய காலத்தில் தாக்கல் செய்தால், 5 ஆண்டுகள் வரை வைத்துச் செலவழிக்கலாம். ஒன்று கவனியுங்கள்: கணக்கில் எடுப்பது உண்மையில் கொடுத்த பணத்தை மட்டுமே. காண்ட்ராக்டரின் பில் வந்து, பாக்கி நின்றால் அது இந்த ஆண்டுச் செலவு ஆகாது.

எட்டு லட்சமும் முறையாகக் கார்பஸாக வந்திருந்தால் வருமானம் 6 லட்சம்தான். வேண்டியது 5.1 லட்சம், நடைமுறைச் செலவே அதைத் தாண்டிவிடுகிறது. ஆனால் கட்டடத்துக்குக் கொடுத்த 6.5 லட்சம் செலவாக எண்ணப்படாது. பின்னால், வேறு வருமானத்திலிருந்து அந்தத் தொகையை 5 ஆண்டுகளுக்குள் கார்பஸ் வைப்பில் திருப்பிப் போட்டால், போடும் ஆண்டில் அது செலவாகக் கணக்கில் வரும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு.

அப்புறம் பணத்தை வைக்கும் இடம். கார்பஸ் தொகையை, அதற்கென்றே தனியாக, 11(5) பிரிவு அனுமதிக்கும் முதலீட்டில் வைக்க வேண்டும். வங்கி வைப்பு போதும். ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்து கிடந்தால் எந்த ரூபாய் எதனுடையது என்று காட்டவே முடியாது. உங்கள் 5 லட்சத்தைத் தாமதிக்காமல் தனி எஃப்.டி.யாகப் போட்டுவிடுங்கள். அதன் வட்டி கார்பஸ் இல்லை, பொது வருமானம்.

பேரேட்டில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு வேறு. மாடி கட்டிய செலவை நேராகக் கட்டட நிதியில் கழித்துவிடுகிறார்கள். மாடி முடிந்ததும் நிதியும் மறைந்துவிடும், கட்டடமும் சொத்துப் பக்கத்தில் ஏறியிருக்காது. கார்பஸாக வந்த கட்டடப் பணத்துக்குச் சரியான பதிவு: பணம் வரும்போது வங்கிக்குப் பற்று, கட்டடக் கார்பஸ் நிதிக்கு வரவு, வரவு செலவுக் கணக்கைத் தொடவே கூடாது. கட்டும்போது கட்டடத்துக்குப் பற்று, வங்கிக்கு வரவு. நிதி, இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புப் பக்கத்தில் அப்படியே நிற்கும்.

மார்ச் 31 அன்று கார்பஸ் நிதிகளின் கூட்டுத் தொகையை, அவற்றுக்கென இருக்கும் எஃப்.டி. ரசீதுகளோடும் அந்தப் பணத்தில் எழும்பிய கட்டடத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வைப்பு குறைந்தால், யாரோ நூலகர் சம்பளத்துக்கு அதிலிருந்து கைமாற்று எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆடிட்டர் வருவதற்குள் அதைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

இந்த ஆண்டு வந்த 8 லட்சத்துக்கு இப்போது பின்தேதியிட்ட கடிதங்கள் தயார் செய்யாதீர்கள். அதைக் கட்டட நன்கொடை வருமானமாகவே காட்டி, மேலே சொன்ன முதல் வழியில் போங்கள்.