எழுத்துகள் தாமதமாக விழுந்தால் விசைப்பலகையை மாற்ற வேண்டுமா?

கேள்வி: உலாவியில் பல பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டு ஆவணத்துக்குத் திரும்பித் தட்டச்சு செய்தால், இரண்டு விநாடிகள் வரை திரையில் எதுவுமே விழுவதில்லை, பிறகு தட்டிய எழுத்துகள் அனைத்தும் மொத்தமாக வந்து விழுகின்றன. 8000 ஹெர்ட்ஸ் விசைப்பலகை வாங்கினால் இது தீரும் என்கிறார் விற்பனையாளர். பழைய பிஎஸ்/2 இணைப்புதான் வேகமானது என்கிறார் நண்பர். எதை வாங்குவது?

பதில்: இரண்டுமே வேண்டாம். நீங்கள் தட்டிய எழுத்துகளில் ஒன்றுகூடத் தொலையவில்லை, தாமதித்துத்தான் வந்தன என்பதிலிருந்தே விசைப்பலகை தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது என்று ஊகிக்கலாம். விசைப்பலகை பழுதானால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும்: ஓர் எழுத்து விழாமலே போகும், அல்லது ஒரு முறை தட்டினால் இரண்டு முறை விழும்.

விற்பனையாளர் சொல்லும் 8000 ஹெர்ட்ஸ் பொய்யல்ல. ஆனால் அது எந்த இடத்துத் தாமதத்தைக் குறைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி விசைப்பலகை தானாகப் பேசாது. கணினியில் உள்ள யூஎஸ்பி கட்டுப்படுத்திச் சில்லு, “ஏதேனும் உண்டா?” என்று குறிப்பிட்ட இடைவெளியில் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, 8000 ஹெர்ட்ஸ் என்றால் 0.125 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. ஆக, 125-லிருந்து 8000-க்குப் போனால் ஒரு தட்டுக்குச் சராசரியாக மிச்சமாவது 4 மில்லிவிநாடிக்கும் சற்றுக் குறைவு. 60 ஹெர்ட்ஸ் திரை ஒன்று தன்னைப் புதுப்பிக்கவே 16.7 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. உங்கள் பிரச்சினையோ 2000 மில்லிவிநாடி.

நண்பர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. பிஎஸ்/2 விசைப்பலகையை யாரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தட்டியதும் அதன் பக்கத்திலிருந்தே குறுக்கீடு, அதாவது கணினியின் மையச் செயலியைக் கைவேலையை நிறுத்திக் கவனிக்கச் சொல்லும் அழைப்பு, எழும். ஆனால் அந்தக் கம்பியில் ஒரு பைட் வந்து சேரவே ஏறக்குறைய 1 மில்லிவிநாடி ஆகிறது. மிச்சக் கணக்கு இங்கும் சில மில்லிவிநாடிகளைத் தாண்டாது.

அப்படியானால் அந்த இரண்டு விநாடிகள் எங்கே போகின்றன? நீங்கள் ‘a’ விசையைத் தட்டியதும், கட்டுப்படுத்திச் சில்லு விசைப்பலகையிடமிருந்து ஒரு சிறு அறிக்கையைப் பெற்று, நேரடியாக நினைவகத்தில் எழுதிவிட்டு, மையச் செயலிக்குக் குறுக்கீட்டைத் தருகிறது. (தட்டாதபோது விசைப்பலகை “இல்லை” என்று சொல்வதோடு சரி, செயலிக்குக் குறுக்கீடு போகாது.) செயலி அந்த நேரத்தில் எந்த நிரலின் வேலையில் இருந்தாலும், கையிலுள்ள கட்டளையை முடித்துவிட்டு, அதன் நிலையைச் சேமித்துக்கொண்டு, சாதாரண நிரல்கள் ஓடும் பயனர் முறையிலிருந்து, இயங்குதளத்தின் கருவான கெர்னல் ஓடும் கெர்னல் முறைக்கு மாறுகிறது. வன்பொருளைத் தொடும் உரிமை இந்த முறையில் மட்டுமே உண்டு. உங்கள் ஆவணச் செயலி பயனர் முறையில் இயங்குவது; அது தானே போய் விசைப்பலகையைப் படிக்க முயன்றால் மையச் செயலி அனுமதிக்காது.

கெர்னலில் உள்ள இயக்கி அறிக்கையைப் பிரித்து, ‘a’ தட்டப்பட்டது என்ற நிகழ்வாக வரிசையில் போடுகிறது. குறுக்கீட்டைக் கையாளும் இந்தக் குறிமுறை எப்போதும் நினைவகத்திலேயே இருக்கும். குறுக்கீடு எழுந்ததிலிருந்து இதுவரை நடந்தது எல்லாம் பெரும்பாலும் ஒரு மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். லினக்ஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கீழுள்ள கட்டளையை இரு முறை இயக்கி, இடையில் சில விசைகளைத் தட்டினால், யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் எண்ணிக்கை ஏறியிருக்கும்.

```
grep xhci /proc/interrupts
```

அடுத்த கட்டத்தில்தான் உங்கள் கதை தொடங்குகிறது. சாளரங்களை நிர்வகிக்கும் மென்பொருள் அந்த நிகழ்வை எடுத்து ஆவணச் செயலியின் வரிசையில் சேர்க்கிறது. ஆவணச் செயலி விழித்து அதைப் படிக்க வேண்டும். ஆனால் உலாவியின் பக்கங்கள் நினைவகத்தை நிரப்பியபோது, சும்மா இருந்த ஆவணச் செயலியின் நினைவகப் பகுதிகளைக் கெர்னல் வட்டுக்குத் தள்ளிவிட்டது. இப்போது அது ஓடத் தொடங்கி, தனக்குத் தேவையான ஒரு பகுதியைத் தொட்டவுடன், “இது நினைவகத்தில் இல்லை” என்று மையச் செயலியே அதை நிறுத்திக் கெர்னலுக்குள் அனுப்புகிறது. இதற்கு டிராப் என்று பெயர். குறுக்கீடு வெளியிலிருந்து எந்நேரமும் வருவது. டிராப் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் சொந்தக் கட்டளையால் எழுவது. கோப்பைப் படித்துத் தரும்படி நிரல் கெர்னலைக் கேட்பதும் இதே வழியில்தான். ஆனால் அது நிரல் வேண்டுமென்றே செய்வது, இது தெரியாமல் மாட்டிக்கொள்வது.

கெர்னல் அந்தப் பகுதியை வட்டிலிருந்து கொண்டுவரும்வரை ஆவணச் செயலி நகர முடியாது. சுழலும் வன்வட்டில் ஒரு பகுதியைத் தேடிப் படிக்கச் சுமார் 10 மில்லிவிநாடி பிடிக்கும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக 200 பகுதிகள் தேவைப்பட்டால் 2 விநாடிகள் ஆகிவிடும். பகுதி ஒன்று 4 கிலோபைட் என்பதால், 200 சேர்ந்தாலும் ஒரு மெகாபைட்கூட ஆகாது! இதே வேலை எஸ்எஸ்டியில் பகுதிக்குச் சுமார் 0.1 மில்லிவிநாடி என்று வைத்தால் 20 மில்லிவிநாடியில் முடியும். இடையில் நீங்கள் தட்டிய எழுத்துகள் வரிசையில் காத்திருந்து, ஆவணச் செயலி விடுபட்டதும் மொத்தமாக விழுகின்றன.

காசைச் செலவழிக்கும் முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். எழுத்துகள் உறைந்து நிற்கும் அதே நொடியில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். சாதாரண யூஎஸ்பி விசைப்பலகையில் அந்த விளக்கை ஏற்றுவது விசைப்பலகை அல்ல, கணினியிலிருந்து திரும்பிவரும் உத்தரவு. விளக்கு உடனே எரிந்தால், தட்டு இயங்குதளத்தை அடைந்து பதிலும் திரும்பிவிட்டது. தாமதம் அதற்குப் பிந்தையது. விளக்கும் தாமதித்தால் கணினி முழுவதும் திணறுகிறது என்று பொருள். அல்லது இணைப்பில் கோளாறு, அதை வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது நினைவகச் சோதனை. விண்டோஸில் Resource Monitor-இன் Memory பகுதியில் Hard Faults/sec என்ற நெடுவரிசையைப் பாருங்கள். லினக்ஸில் `vmstat 1` கட்டளையின் `si` நெடுவரிசையைப் பாருங்கள். ஆவணத்துக்குத் திரும்பும் கணத்தில் அந்த எண் எகிறினால் நான் மேலே சொன்னதுதான் காரணம். அப்படி எகிறாமலே எழுத்துகள் தாமதித்தால், ஆவணச் செயலியின் ஏதேனும் ஒரு நீட்சியோ எழுத்துப்பிழை திருத்தியோ அதைத் தடுத்து வைத்திருக்கக்கூடும். அதற்கு எந்த வன்பொருளும் மருந்தாகாது.

எண் எகிறுகிறது என்றால், கூடுதல் ரேம் வாங்குங்கள். இன்னும் வன்வட்டில்தான் இயங்குகிறீர்கள் என்றால், எஸ்எஸ்டியை அதற்கும் முன்னால் வைப்பேன், ஏனென்றால் எவ்வளவு ரேம் போட்டாலும் ஒரு நாள் நிரம்பும், அப்போது வட்டின் வேகம்தான் கைகொடுக்கும். மடிக்கணினி என்றால் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, தனித் துளையில் இருப்பதா என்பதை முதலில் பாருங்கள். பற்றவைக்கப்பட்டிருந்தால் கூட்ட முடியாது. தனித் துளை என்றால், அது ஏற்கும் ரேம் வகையையும் உச்ச அளவையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.