வைஃபை கனெக்ட் ஆகும்போது ரீசெட்: கேள்வி பதில்

பெரம்பூரிலிருந்து: அண்ணா, மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் அளவு பார்க்க இ.எஸ்.பி.32 வைத்தேன். மேஜையில் நன்றாக ஓடுகிறது, மாடிக்கு ஏற்றினால் வைஃபை கனெக்ட் ஆகும்போதே ரீசெட். அடாப்டர் கீழ் வீட்டில், 5 வோல்ட் 2 ஆம்ப். 15 மீட்டர் லேன் வயரில் ஒரு ஜோடி வழியாகக் கரண்ட் போகிறது. மாடியில் மீட்டர் வைத்தால் 4.8 காட்டுகிறது.

பதில்: அடாப்டர் மேல் குற்றமில்லை தம்பி, வயர்தான் காரணம். 24 கேஜ் செம்பு இழைக்கு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர், ஆக 2.5 ஓம். போர்டு 80 மில்லி ஆம்ப் இழுத்துக்கொண்டிருக்கும்போது 0.2 வோல்ட்தான் குறையும். நீ பார்த்த 4.8 அதுதான்.

வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் இழுப்பு 400 மில்லி ஆம்ப் வரை துள்ளும். அப்போது வயரிலேயே 1 வோல்ட் போய், போர்டுக்கு 4 வோல்ட்தான் வந்து சேரும். போர்டில் இருக்கும் 1117 ரெகுலேட்டருக்கு, தான் கொடுக்கும் 3.3-க்கு மேல் ஏறக்குறைய 1 வோல்ட் கூடுதலாக வேண்டும். அது கிடைக்காததால் 3.3 சரிகிறது, சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது. சீரியல் மானிட்டரில் `Brownout detector was triggered` என்று வந்திருக்குமே? இந்தச் சரிவு கண நேரத்தில் முடிந்துவிடும், மீட்டர் அதைக் காட்டவே காட்டாது. ஆஸிலோஸ்கோப் இருந்தால் குழி தெளிவாகத் தெரியும். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்த வயர் என்றால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சாக இருக்கலாம், அதில் இழப்பு இன்னும் அதிகம்.

கீழிருந்து 12 வோல்ட் அனுப்பு, மாடியில் ஒரு பக் கன்வெர்ட்டர் வைத்து 5-ஆகக் குறை. அதே வேலைக்கு வயரில் 0.2 ஆம்ப் அளவுதான் ஓடும். அரை வோல்ட் குறைந்தாலும் 12-இல் அது பெரிதில்லை. போர்டை இணைக்கும் முன் கன்வெர்ட்டரின் திருகைத் திருப்பி, மீட்டரில் 5 வருகிறதா என்று பார்த்துவிடு. திருகு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இணைத்தால் போர்டு போய்விடும்.

அம்பத்தூரிலிருந்து: சார், இவ்வளவு வேலை எதற்கு? கோடில் பிரவுன்அவுட் டிடெக்டரை ஆஃப் செய்து, 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டேன். எனக்குச் சரியாகிவிட்டது.

பதில்: கெபாசிட்டர் போட்டது நல்ல வேலை. ஆனால் 400 மில்லி ஆம்பை அது மட்டும் தாங்கினால் ஒரு மில்லி செகண்டுக்குள் 0.85 வோல்ட் இறங்கிவிடும். சின்னத் துள்ளலுக்கு அது போதும், நீண்ட இழுப்புக்குப் போதாது. டிடெக்டரை ஆஃப் செய்தது மட்டும் வேண்டாம். மெசேஜ்தான் நின்றது, மின்னழுத்தம் இறங்குவது நிற்கவில்லை. அந்த நேரத்தில் ஃப்ளாஷில் எழுதினால் சேமித்தது கெடலாம், சிப் அப்படியே உறைந்து நிற்கவும் செய்யலாம். சந்தேகத்தைச் சோதிக்க இதைப் போட்டுப் பாருங்கள்:

```
WiFi.begin(ssid, pass);
WiFi.setTxPower(WIFI_POWER_8_5dBm);
```

அனுப்பும் சக்தியைக் குறைத்ததும் ரீசெட் நின்றால், கோளாறு சப்ளையில்தான்.

மயிலாப்பூரிலிருந்து: எனக்கும் இதே பிரச்சினைதான் சார். தொட்டி நிரம்பினால் கனெக்‌ஷன் போய்விடுகிறது. அடாப்டர், கேபிள் எல்லாம் மாற்றிவிட்டேன்.

பதில்: உங்களுடையது வேறு மாதிரித் தெரிகிறது. முதலில் ரீசெட் ஆகிறதா, வெறும் டிஸ்கனெக்டா என்று பிரித்துப் பாருங்கள்:

```
Serial.println((int)esp_reset_reason()); // setup()
Serial.println(WiFi.RSSI());             // loop()
```

பவர் சரிந்து ரீசெட் ஆனால் முதல் வரி 9 என்று வரும். அது மறுபடி அச்சாகவே இல்லை என்றால் சிப் விழவில்லை, சிக்னல்தான் அறுந்திருக்கிறது. இரண்டாவது எண் -65 பக்கம் இருந்தால் கவலையில்லை. -80 தாண்டினால் ஆட்டம் ஆரம்பம். போர்டைத் தொட்டியோடு ஒட்டியிருக்கிறீர்களா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். நிரம்பிய தொட்டி ரௌட்டருக்கும் போர்டுக்கும் நடுவில் சுவராக நிற்கிறது. ரௌட்டர் இருக்கும் பக்கமாகப் போர்டை நகர்த்தி, நிரம்பும்போதும் காலியாகும்போதும் எண்ணைக் குறித்துப் பாருங்கள்.

இன்னொன்று, சிக்னல் பலவீனமானால் ஒரே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். அதனால் கரண்ட் இழுப்பும் நீளும். சப்ளையும் சுமாராக இருந்தால் இரண்டும் சேர்ந்து கொள்ளும்.

வேளச்சேரியிலிருந்து: கீழே சம்ப் மோட்டார் ஆன் ஆகும்போதெல்லாம் என் போர்டு ரீசெட் ஆகிறது. இதுவும் பிரவுன்அவுட்தானா?

பதில்: இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாதுங்க. மோட்டார் கிளம்பும்போது வீட்டு மின்னழுத்தம் இறங்கி அடாப்டர் தடுமாறலாம். ரிலேயோ கான்டாக்டரோ போடும்போது எழும் இரைச்சல் சென்சார் வயர் வழியாக நுழையவும் செய்யலாம். போர்டைப் பவர் பேங்கில் ஓட்டி, மோட்டாரை ஆன் செய்து பாருங்கள். ரீசெட் நின்றால் அடாப்டர் பக்கம். தொடர்ந்தால் இரைச்சல் பக்கம். இழுப்பு குறைவாக இருந்தால் சில பவர் பேங்குகள் தானே அணைந்துவிடும், அதை ரீசெட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவையும் ரீசெட் எண்ணையும் எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைப் பார்க்கலாம்.