இருமி இருமி விலா வலிக்கிறது, மாரடைப்பா?

"டாக்டர், எனக்கு 61 வயது. டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன். தீபாவளிப் புகையில் பிடித்த இருமல் பத்து நாளாக விடவில்லை. நேற்று பலமாக இருமியபோது வலது விலாவில் சுரீரென்றது. இப்போது புரண்டு படுத்தாலே உயிர் போகிறது. நெஞ்சு வலி என்றாலே பயமாக இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?"

அம்மா, ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்ட முடிகிறதா? அங்கே அழுத்தினால் அதே வலி வருகிறதா? இருமும்போதும் புரளும்போதும் கூடி, அசையாமல் உட்கார்ந்தால் அடங்குகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் இது நெஞ்சுச் சுவரின் வலி. மாரடைப்பு வலி பொதுவாக நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போல் பரவும். உடம்பைத் திருப்புவதால் கூடாது, குறையாது. ஆனால் அழுத்தினால் வலிக்கிறது என்ற ஒன்றை வைத்து மட்டும் இதயம் பத்திரம் என்று முடிவு செய்யாதீர்கள். வியர்த்துக்கொட்டினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ 112-ஐ அழையுங்கள்.

இருமலில் பெரும்பாலும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைதான் பிடித்துக்கொள்ளும். உங்கள் வயதில் எலும்பிலேயே கீறல் விழுவதும் உண்டு. பக்கவாட்டில், நடு விலா எலும்புகளை ஒரு தசை மேலே இழுக்கிறது, வயிற்றுத் தசை கீழே இழுக்கிறது. எலும்பு மெலிந்திருந்தால் அந்த இழுபறியில் விரிசல் விடும். ஒரு சின்ன சோதனை: உள்ளங்கையால் நடுநெஞ்சு எலும்பை மெதுவாக அழுத்துங்கள். கை படாத பக்க விலாவில் 'சுருக்' என்றால் கீறலாக இருக்கலாம்.

எக்ஸ்ரேயில் இந்தக் கீறல் பல சமயம் தெரியாது. தெரிந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். ஆனாலும் எடுங்கள். நிமோனியாவோ, நுரையீரலைச் சுற்றிக் காற்றோ இல்லை என்று பார்ப்பதற்காக. காய்ச்சல் விட்டுவிட்டுத் திரும்ப வந்தாலோ, சளி துருநிறமானாலோ, அதில் ரத்தம் கண்டாலோ அன்றைக்கே போங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம். கீறல்தான் என்று தெரிந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், கேட்காதீர்கள். மூச்சு மேலோட்டமாகி, சளி கீழே தங்கி, நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இருமல் வரும்போது தலையணையை வலிக்கும் பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொருமுறை நாலைந்து தரம் ஆழமாக மூச்சிழுங்கள். கல்லீரல் கோளாறு இல்லையென்றால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். சளி மாத்திரையிலும் அதுவே இருக்கும், அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தசை வலி இரண்டு மூன்று வாரத்தில் இறங்கும். கீறலுக்கு ஆறு வாரம் ஆகும், இருமல் நிற்காவிட்டால் இன்னும் நீளும்.