உங்கள் பான் எண்ணில் யாரோ சம்பாதித்தால்

கேள்வி: நான் தனியார் பள்ளி ஆசிரியை. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லை. இந்த முறை வருமான வரித் தளத்தில் என் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ் பார்த்தபோது, பெயரே கேள்விப்படாத ஒரு கட்டுமான நிறுவனம் எனக்கு ஒப்பந்தப் பணமாக ரூ.4,86,000 கொடுத்து, அதிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ் ரூ.4,860 பிடித்ததாக இருக்கிறது. "அதையும் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்" என்கிறார் எங்கள் ஊர் ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த 4,860 ரூபாயைக் கேட்ட நிமிடமே, 4,86,000 ரூபாயும் உங்கள் வருமானம்தான் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும். நாளைக்கு விசாரணை வந்தால் ஏஜென்ட் தன் கமிஷனோடு ஒதுங்கிக்கொள்வார், பதில் சொல்ல நீங்கள்தான் நிற்க வேண்டும்.

வருமான வரித் தளத்தில் நுழைந்து ஏஐஎஸ்ஸைத் திறந்து அந்தப் பதிவைத் தொடுங்கள். நிறுவனத்தின் பெயர், வரி பிடிப்பவர்களுக்குத் தரப்படும் அதன் டான் எண், பணம் கொடுத்ததாகச் சொல்லும் தேதிகள் எல்லாம் விரியும். முதலில் அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கருத்துச் சொல்லும் வசதி இருக்கும். அதில் "Information relates to other PAN/Year" என்பதைப் பலர் அழுத்திவிடுகிறார்கள். அது பணம் யாருடையது என்று தெரிந்தவர்களுக்கானது. உங்களுக்குத் தெரியாது, ஆகவே "Information is denied" என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒப்புகையையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நீங்கள் மறுத்தாலும் நிறுவனம் சொன்ன தொகை அங்கேயே நிற்கும், பக்கத்தில் உங்கள் மறுப்பு இருக்கும், அவ்வளவுதான். அதைத் திருத்த வேண்டியது தப்பாக ஏற்றிய நிறுவனம். அடுத்தவன் செய்த பிழையை நீக்க அவனிடமே போய் நிற்க வேண்டும் என்பதுதான் நம் நடைமுறையின் அழகு! டான் எண்ணையும் காலாண்டையும் குறிப்பிட்டு, டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்யும்படி அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். மின்னஞ்சல் இருந்தால் அதிலும் அனுப்புங்கள்.

இது கணக்குப்பிள்ளையின் தட்டச்சுப் பிழையா, திட்டமிட்ட மோசடியா? ஒரே நிறுவனம், ஒரே காலாண்டு என்றால் பெரும்பாலும் பிழைதான். பல காலாண்டுகள், பல நிறுவனங்கள் என்று போனால் சந்தேகப்படுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி உண்டு. அதில் நீங்கள் தொடங்காத ஒரு கடை உங்கள் பெயரில் வந்தால், அது நிச்சயம் பிழையில்லை.

ஒன்றை மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். உங்களுடையது ஒப்பந்தப் பணம் என்பதால் இது பொருந்தாது, ஆனால் இதே மாதிரி பதறி வருகிறவர்களில் பாதிப் பேரின் கதை வேறு. அம்மாவின் பணத்தை வங்கியில் வைப்புப் போட்டபோது மகள் பெயரை முதலில் எழுதியிருப்பார்கள். வட்டி அம்மா கையில், டிடிஎஸ் மகளின் பான் எண்ணில். அது திருட்டில்லை. பணம் அம்மாவுடையது, வட்டியை அவர் கணக்கில் காட்டுங்கள் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தால் போதும். போலீசுக்குப் போய்விட்டு அப்புறம் அம்மாவின் பெயரைச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மோசடிதான் என்று தெரிந்தால் cybercrime.gov.in தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். போலி ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்தத் துறைக்கும் தனியாகப் புகார் போக வேண்டும். ஒரு துறை இன்னொரு துறையிடம் சொல்லிவிடும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

"பான் எண் கெட்டுவிட்டது, புதிதாக வாங்கிவிடலாம்" என்று எந்த பிரவுசிங் சென்டர்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு பான் வைத்திருந்தால் ரூ.10,000 அபராதம் உங்களுக்குத்தான், பழைய எண்ணில் இருக்கிற வருமானமும் அப்படியே இருக்கும். ஓடிபியும் யாருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் கணக்குக்குள் நுழைந்து செல்போன் எண்ணையும் வங்கிக் கணக்கையும் மாற்றிவிட்டால், அப்புறம் துறை அனுப்பும் தகவலே உங்களுக்கு வராது.

ரிட்டர்ன் தாக்கல் செய்வதாக இருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. படிவம் தானாக நிரம்பி வரும்போது அந்த 4,860 ரூபாயும் டிடிஎஸ் பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பதிவை நீக்கிவிட்டு உங்கள் சொந்த வருமானத்தை மட்டும் காட்டுங்கள். கணக்கு ஒத்துப்போகவில்லை என்று துறையிலிருந்து தகவல் வந்தால், அதில் குறிப்பிட்டுள்ள கெடுவுக்குள், வழக்கமாக 30 நாள், உடன்படவில்லை என்று பதில் போடுங்கள். ஒப்புகை, தபால் ரசீது, புகார் கொடுத்திருந்தால் அதன் நகல், மூன்றையும் சேர்த்து உங்கள் பகுதி வருமான வரி அதிகாரியிடம் ஒரு மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குரிய அதிகாரி யார் என்பது அதே தளத்தில் "Know Your AO" என்ற இடத்தில் தெரியும்.