ஹீலியத்துக்குக் கால் பங்கு எப்படி வந்தது? – கேள்வி பதில்

மீனாட்சி: பிரபஞ்சத்தில் நூற்றுக்கு 25 ஹீலியம் என்கிறார்கள். அது ஏன் 10 இல்லை, 60 இல்லை?

எடையில்தான் 25. தலையை எண்ணினால் 12 ஹைட்ரஜனுக்கு ஒரு ஹீலியம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

பெருவெடிப்புக்குப் பின் முதல் நொடிவரை நியூட்ரான் புரோட்டானாகவும், புரோட்டான் நியூட்ரானாகவும் மாறிக்கொண்டே இருந்தன. நியூட்ரானுக்கு எடை ஒரு துளி கூடுதல் என்பதால், சூடு தணியத் தணிய அதன் பங்கு சரிந்தது. அப்படியே தொடர்ந்திருந்தால் நியூட்ரானே மிஞ்சியிருக்காது. ஆனால் மாற்றத்தை நடத்திய, நியூட்ரினோ என்ற மிக லேசான துகள்களின் மோதல்கள் பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்றுபோயின. அப்போது வெப்பம் சுமார் 1,000 கோடி டிகிரி. 6 புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் மீதி.

அந்த நியூட்ரான்கள் உடனே அணுக்கருவுக்குள் போய்ச் சேரவில்லை. முதல் படி, ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்டீரியம். அதன் பிணைப்போ பலவீனமானது. ஒரு புரோட்டானுக்கு 100 கோடிக்கும் மேல் ஒளித்துகள்கள் இருந்த கூட்டம் அது. அவற்றில் மிகச் சிலவே மிகுந்த ஆற்றலோடு இருந்தாலும், உருவாகும் டியூட்டீரியத்தையெல்லாம் உடைக்க அவையே போதும். சில நிமிடங்கள் கழித்து, வெப்பம் 100 கோடி டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் அது தாக்குப்பிடித்தது. அந்தக் காத்திருப்பில் கொஞ்சம் நியூட்ரான் சிதைந்து, கணக்கு 7க்கு 1 ஆகிவிட்டது.

இனி விரல்விட்டு எண்ணலாம். 14 புரோட்டான், 2 நியூட்ரான் எடுங்கள். இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானோடு சேர்ந்து ஒரு ஹீலியம், எடை 4. மிச்சம் 12 ஹைட்ரஜன். மொத்தம் 16இல் 4.

ராஜவேல்: சூரியனே ஹீலியம் செய்துகொண்டுதானே இருக்கிறது? நட்சத்திரங்களே எல்லாவற்றையும் செய்தன என்றால் போதாதா?

போதாது. ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது எடையில் 0.7 சதவீதம் ஆற்றலாக வெளிவரும். நம் பால்வெளி மண்டலம் இன்றைய பிரகாசத்திலேயே 1,000 கோடி ஆண்டுகள் எரிந்தது என்று வைத்தால்கூட, அந்த வெளிச்சத்துக்குச் செலவான ஹைட்ரஜன் நட்சத்திர எடையில் இருபதில் ஒரு பங்கு அளவுதான்.

ராஜவேல்: அந்தக் காலத்தில் இன்னும் பிரகாசமாக எரிந்திருக்கலாமே.

எரிந்திருக்கலாம். ஆனால் நட்சத்திரம் ஹீலியத்தை மட்டும் வெளியே துப்பாது, ஆக்சிஜனும் கூடவே வரும். ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள குள்ள விண்மீன் மண்டலங்களின் வாயு மேகங்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஐ ஸ்விக்கி 18 பிரபலமான ஒன்று. ஆக்சிஜன் பூஜ்யத்தை நெருங்கும்போது ஹீலியமும் பூஜ்யத்துக்குப் போகவில்லை, 24.5 சதவீதத்துக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. சூரியன் பிறந்தபோது இருந்த 27 சதவீதத்தில் அதற்கு மேற்பட்டதுதான் நட்சத்திரங்களின் கைவேலை.

கோமதி: பிறந்தநாள் பலூனில் அடைப்பதும் அந்த ஆதி ஹீலியம்தானா?

இல்லைம்மா. அது பூமிக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து வந்தது. இயற்கை எரிவாயுவோடு எடுக்கிறார்கள்.

இளங்கோ: நியூட்ரான் ஆயுள் கூடினால் சிதைவு குறையும், ஹீலியம் கூடும். அவ்வளவுதானே?

பாதி சரி தம்பி. அதே ஆயுள்தான் அந்த நியூட்ரினோ மோதல்களின் வேகத்தையும் சொல்கிறது. ஆயுள் நீளம் என்றால் மோதல் மெதுவாகும், மாற்றம் முன்பே நின்றுவிடும், நியூட்ரான் அதிகம் மிஞ்சும். இரண்டும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன.

சுகந்தி: நான் ஆய்வகத்தில் வேலை செய்தவள். குடுவையில் அடைத்து அளந்தால் சுமார் 878 நொடி, கற்றையில் அளந்தால் 888. இதில் எதை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்?

குடுவை எண்ணை. ஏன் வேறுபடுகின்றன என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த 10 நொடியால் ஹீலியம் 0.2 சதவீதப் புள்ளிதான் நகரும். வானில் அளக்கும்போது வரும் பிழையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆகவே இந்த வழக்கில் ஹீலியத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இளங்கோ: அப்படியென்றால் கணிப்பு தப்பாகவே முடியாத மாதிரி இருக்கிறதே?

ஏன் முடியாது? நான்காவதாக ஒரு லேசான நியூட்ரினோ வகை இருந்திருந்தால் விரிவு வேகமெடுத்து, ஹீலியம் ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் ஏறியிருக்கும். வானத்தை வைத்தே மூன்றுக்கு மேல் அதிகம் போகாது என்று சொல்லிவந்தார்கள். 1989இல் ஜெனீவா அருகே எல்.இ.பி. முடுக்கியிலும் மூன்று என்றே வந்தது. இடிக்கிற இடம் ஹீலியத்தோடு துளியளவு உருவான லித்தியம்: கணிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பழைய நட்சத்திரங்களில் தெரிகிறது. நட்சத்திரமே அதை அழித்துவிட்டதா, கணக்கில் கோளாறா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

பிரபு: பத்தில் ஒரு அணுகூட ஹீலியம் இல்லையே, அது எப்படிக் கால் பங்கு?

முதல் பதிலின் முதல் இரண்டு வரிகள்.

ராஜவேல்: அந்த ஆக்சிஜனை ஏதாவது கருந்துளை விழுங்கியிருந்தால்?

ஆக்சிஜனை மட்டும் பொறுக்கி விழுங்கி, ஹீலியத்தை வெளியே விட்டுவைக்கும் கருந்துளை இருந்தால் காட்டுங்கள், பேசலாம்.