கடன் குழுத் தீர்மானத்தில் காரணம் எழுதுவது எப்படி

கேள்வி: நகரக் கூட்டுறவு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்திருக்கிறேன். கடன் குழுவில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் எதை எழுதுவது, எதை விடுவது?

பழைய பக்கங்களைப் புரட்டியிருப்பீர்கள். "பரிசீலித்து ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்று ஒரே வரிதான் இருந்திருக்கும். தயவுசெய்து அதைப் பார்த்து எழுதாதீர்கள்.

நான் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டை அடமானம் வைத்து 5 லட்சம் கேட்டிருந்தார், 12 சதவீத வட்டி, 5 வருடத் தவணை. "நல்ல மனுஷன், நாணயமானவர்" என்றார் ஒரு உறுப்பினர். இன்னொருவர் அவருடைய அண்ணன் தம்பி சண்டையை இழுத்தார். இரண்டையும் நான் எழுதவில்லை. கடைக் கணக்குப்படி குடும்பச் செலவு போக மாதம் மிஞ்சுவது 9,000 ரூபாய். 5 லட்சத்துக்குத் தவணை சுமார் 11,100 வரும், 3.5 லட்சம் என்றால் சுமார் 7,800. குழு 3.5 லட்சத்துக்குக் குறைத்தது இந்தக் கணக்கால்தான். அதனால் காரணம் என்ற இடத்தில் அந்தக் கணக்கையே எழுதினேன்.

அந்த வீட்டின் வில்லங்கச் சான்றில் வேறொரு வங்கியின் பழைய அடமானம் இருந்தது. கடன் அடைந்துவிட்டது, ரசீது மட்டும் பதிவாகவில்லை. "வில்லங்கம் சரிசெய்ய வேண்டும்" என்று எழுதினால் யார், எப்போது என்று யாருக்கும் புரியாது. "ரசீதைப் பதிவு செய்து, புது வில்லங்கச் சான்றை மேலாளர் பார்த்த பிறகே பணம் வழங்க வேண்டும்" என்று எழுதினேன். பட்டுவாடாவுக்கு முன் முடிக்க வேண்டிய நிபந்தனையையும், பணம் கொடுத்த பின் கவனிக்க வேண்டியதையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.

அதே கூட்டத்தில் இன்னொரு மனு நின்றுபோனது. அந்த மனுதாரருக்கு ஜாமீன் போட்டவரே எங்கள் வங்கியில் தவணை தவறியிருந்தார். "நிராகரிக்கப்பட்டது" என்று முடிக்காமல், "ஜாமீன்தாரர் தவணை பாக்கி, வேறு ஜாமீன்தாரருடன் வந்தால் மீண்டும் வைக்கலாம்" என்று எழுதினேன். நிராகரிப்பு வேறு, ஒத்திவைப்பு வேறு. மனுதாரருக்கு அனுப்பும் கடிதத்திலும் அதே வாசகம்தான் போனது.

"ஒவ்வொரு மனுவுக்கும் இப்படி எழுத நேரம் ஏது" என்று சிலர் கேட்கலாம். மனுவுக்கு நாலு வரிதான். பின்னாளில் அந்தக் கடைக்காரர், பக்கத்துக் கடைக்கு மட்டும் முழுத் தொகை கொடுத்தீர்களே என்று எழுதிக்கொடுத்தார். தணிக்கையாளர் புத்தகத்தைக் கேட்டார், அந்தப் பக்கத்தைப் படித்தார், மேற்கொண்டு ஒரு விளக்கமும் கேட்கவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அப்புறம் ஒரு ஆதங்கம். பேசும்போது எல்லோரும் பேசுவார்கள், கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போடாமல் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவது எழுத்தர்தான். உங்களையும் அலையவிட்டால், வாசலை விட்டு இறங்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.